ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு கரண்டி

செவ்வாய், இரவு

பாப்பாவுக்குச் சாயங்காலத்திலிருந்து வாந்தி. முதலில் பால், பிறகு குடித்த தண்ணீர், இப்போது ஒன்றுமில்லாமல் வெறும் ஓங்கரிப்பு. வயிறும் தண்ணீராகப் போகிறது. ஓ.ஆர்.எஸ். கரைத்து எடுத்துவந்தால், டம்ளரைப் பார்த்ததுமே உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். கரண்டியை நீட்டினால் ஒரே தட்டு. என் நைட்டியெல்லாம் உப்புத் தண்ணீர். ஒன்றேமுக்கால் வயதுக்குக் கையில் இவ்வளவு வலு.

அத்தை, “எதையோ முழுங்கியிருக்கா, தொண்டையில நிக்குது. காலைல தொக்கம் எடுக்கிற பாட்டிகிட்ட தூக்கிட்டுப் போவோம்” என்கிறார். போகப்போவதில்லை என்று சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

புதன், விடியற்காலை

நடுச்சாமத்துக்குப் பிறகு டயப்பர் நனையவே இல்லை.

புதன், மாலை, ஆஸ்பத்திரி

அழுதாள், கண்ணீர் வரவில்லை. அதைப் பார்த்துத்தான் ஆட்டோவைப் பிடித்தோம். டாக்டர் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். சட்டென்று படியாமல், மெதுவாக இறங்கியது. கண் உள்ளே போயிருக்கிறது என்றார். எனக்குத் தூக்கக் கலக்கம் மாதிரிதான் தெரிந்திருந்தது. “நீர்ச்சத்து குறைஞ்சிருக்கு. ஆனா முழிச்சிருக்கா, முழுங்குறா. ட்ரிப்ஸ் இப்ப வேண்டாம், வாயாலேயே ஏத்திடலாம்.” வாந்திக்கு ஒரு வேளை மருந்து மட்டும் கொடுத்தார்கள்.

எடை 10 கிலோ. கிலோவுக்கு 75 மில்லி கணக்கில் 750 மில்லி, 4 மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும். முக்கால் லிட்டர் என்றதும் எனக்குச் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. ராத்திரி பூராவும் ஒரு மடக்குகூட இறங்காத குழந்தை. சிஸ்டர் அலட்டிக்கொள்ளவில்லை. “முக்கால் லிட்டரை மறந்துடுங்கம்மா. ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு அஞ்சு மில்லி. அவ்வளவுதான் உங்க வேலை.” கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட சரியாகத்தான் வருகிறது.

வீட்டுக் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒரு அளவு என்று, ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்றைக் கையில் கொடுத்தார். பாலாடை இருந்தால் அதுவும் ஆகுமாம். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். தலையை அண்ணாக்க விடக் கூடாது. சிரிஞ்சை நாக்குக்கு நேரே நீட்டினால் துப்பிவிடும், புரையும் ஏறும். கடைவாய் ஓரமாக, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். முழுங்குகிறதா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு அப்பா, பையன் மூக்கைப் பிடித்து ஊற்றப் போனார். சிஸ்டர் அங்கிருந்தே போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது.

மூன்றாவதோ நாலாவதோ சிரிஞ்சில் என் தோள் மேலேயே வாந்தி எடுத்தாள். போச்சு, ட்ரிப்ஸ்தான் என்று நினைத்தேன். “எடுத்தது எவ்வளவு? எல்லாமேவா வந்துச்சு? பத்து நிமிஷம் சும்மா விடுங்க. அப்புறம் ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒண்ணா ஆரம்பிங்க.” வயிறு ஒரேயடியாக விரிந்தால்தான் திருப்பித் தள்ளும், சிறுகச் சிறுகப் போவது அதற்குத் தெரியாமலே குடலுக்கு நழுவிவிடும், வாந்தி எடுத்தாலும் ஒரு பங்கு தங்கியிருக்கும் என்றார். சரியாகப் பத்து நிமிடம் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பது, கொடுப்பதைவிடக் கஷ்டம்.

தட்டிவிடுகிறாளே என்று புலம்பினேன். “தட்டட்டும். எனக்கு அந்தத் தட்டுதான் வேணும்” என்றார். “கையை உதறாம, வாய்ல விட்டது ஓரமா வழிஞ்சு, கண்ணு சொருகுச்சுன்னா உடனே கூப்பிடுங்க. பச்சையா வாந்தி வந்தாலும், ரத்தம் தெரிஞ்சாலும்.” அதன் பிறகு ஒவ்வொரு தடவை அவள் என் கையைத் தள்ளியபோதும் எரிச்சல் குறைந்துதான் போயிற்று.

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். திடீரென்று டம்ளரையே இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அத்தைக்கு ஆனந்தம். “குடிக்கிறாளே என் ராசாத்தி!” என்று டம்ளரைச் சாய்த்துக் கொடுக்கப் போனார். ஓடிவந்து தடுத்த சிஸ்டர், “இது தாகம் பாட்டி. காஞ்ச உடம்புதான் உப்புத் தண்ணியை இப்படிப் பறிச்சுக் குடிக்கும். மொத்தமாக் கொடுத்தா மொத்தமா வெளிய வரும்” என்றார். கேட்டுக் கேட்டு அழ அழ, அதே சிரிஞ்ச், அதே ஒன்றரை நிமிடம். குடிக்காத குழந்தைக்குக் கொடுப்பதை விட, குடிக்கத் துடிக்கிற குழந்தைக்கு அளந்து கொடுப்பது கொடுமை.

நாலு மணி நேரம் முடிந்து டாக்டர் வந்தார். கிள்ளிய தோல் உடனே படிந்தது. என் மடி நனைந்தது. அத்தை அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அடுத்த சிரிஞ்சை நீட்டினேன். வேண்டாம் என்று ஓங்கி ஒரு தட்டு, சிரிஞ்ச் கட்டிலுக்கு அடியில். டாக்டருக்குத் திருப்தி. “இப்ப உப்பு கரிக்குது அவளுக்கு.”

வியாழன்

வீட்டில். ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி கொடுக்க வேண்டும். தாய்ப்பால் நிறுத்தவில்லை. கஞ்சி இரண்டு வாய்.

வெள்ளி

அத்தையோடு சர்க்கரைச் சண்டை. ஒரு கரண்டி சேர்த்தால் ருசியாகக் குடிப்பாளாம். பாக்கெட்டில் 13.5 கிராம் குளுக்கோஸுக்கு 2.6 கிராம் உப்பு, ஒரு லிட்டருக்கு. குடலில் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்துதான் உள்ளே நுழையும். அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். சர்க்கரை கூடினால் கதை தலைகீழ். உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்கு இழுத்து, பேதியைக் கூட்டிவிடும். அதனால்தான் பெரிய பாக்கெட்டைப் பாதி பாதியாகப் பிரித்தும் கரைக்கக் கூடாது, எந்தப் பாதியில் எது அதிகம் விழுந்தது என்று யாருக்குத் தெரியும். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட் வாங்கிவிட்டேன். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கீழே.

அத்தையிடம் 1971இல் பங்காவுன் அகதி முகாமில் நடந்ததைச் சொன்னேன். காலரா, ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோயின. திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பையும் குளுக்கோஸையும் கரைத்து டிரம்மில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொன்னார். 100க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் 4 பேருக்கும் குறைவாக இறங்கியது. அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவங்களுக்கு யாரு புகட்டுனது? அம்மாமாரா?” என்றார். அம்மாக்களும் இருந்திருப்பார்கள். ஒன்றரை நிமிடம் யார் எண்ணினார்களோ.

ஞாயிறு

துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், 14 நாள். ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்தால் கரையும். கரண்டியைக் கண்டாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுகிறாள்.

செவ்வாய்

அத்தைக்கு வாந்தி, பேதி. ஓ.ஆர்.எஸ். டம்ளரைக் கையால் தள்ளிவிட்டார்: “எனக்கு சுகர் இருக்குல்ல, இனிப்பெல்லாம் ஆகாது.” இந்த நேரத்துக்கு அது வேண்டியதுதான், சுகரை அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் கேட்கவில்லை. இவருக்குச் சிரிஞ்ச் நீட்டவா முடியும்? டாக்டருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. டம்ளரைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பாப்பா அதைத் தூக்கப் போகிறாள், இதோ.