ஹவுஸ் ஓனருக்கு ஒரு கடிதம்

எங்கள் வாடகை ஃபிளாட்டில் வைஃபை ரவுட்டர் ஹாலில் இருக்கிறது. பின்பக்க அறையில் மகளின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுவிடும். அதே போனை ரவுட்டர் பக்கத்தில் வைத்தால் தடையில்லாமல் ஓடியது. அப்படியென்றால் குறை இணைப்பில் இல்லை, நடுவில் இருக்கும் சுவர்களில்தான். ஹாலிலிருந்து கேபிள் இழுத்து அந்த அறையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் வைத்தால் சரியாகிவிடும்.

போனில் கேட்டபோது, “சுவரை உடைக்கக் கூடாதும்மா” என்றார் ஓனர். அவர் பயம் நியாயமானது. அதனால் வாட்ஸ்அப்பில் விவரமாக எழுதினேன்:

“வணக்கம் சார். கேபிள் தரையோரமாக, வெள்ளை கேசிங்குக்குள் போகும். அறைச் சுவரில் ஒரே ஒரு துளை, 8 மி.மீ. கேபிளின் கனம் சுமார் 6 மி.மீ.தான். முனையிலுள்ள பிளக் அதைவிட அகலம் என்பதால், கேபிளை நுழைத்த பிறகே பிளக் மாட்டச் சொல்லியிருக்கிறேன். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ கீழேயோ துளைக்க மாட்டோம். அங்கே மின்சார ஒயர் போகும். ஆக்சஸ் பாயின்ட் அலமாரி மேல் இருக்கும், ஆணி வேண்டாம். செலவு எங்களுடையது. காலி செய்யும்போது துளையைப் பட்டி வைத்து அடைத்து, பெயின்ட் அடித்துத் தருகிறோம். துளைக்கும் இடத்தைப் பென்சிலில் குறித்துப் படம் அனுப்பியிருக்கிறேன்.”

மறுநாள் பதில் வந்தது: “சரிம்மா. தூணில் மட்டும் கை வைக்காதீங்க.”

அந்தப் பதிலை அழிக்காமல் வைத்திருக்கிறேன். அட்வான்ஸைத் திரும்ப வாங்கும் நாளில் அது தேவைப்படும்.