இன்ஸ்பெக்டரின் கடிதம்

இருபது வருஷம் உபாத்தியாயராய் இருந்தவனுக்கு இன்ஸ்பெக்டரிடம் பயம் இருக்கக் கூடாது என்பார்கள். எனக்குப் பயமில்லை, கர்வந்தான் இருந்தது. என் பாடக் குறிப்பு நோட்டை அவர் பார்வையிட்டுச் சென்ற பத்தாம் நாள் வந்த கடிதம் அந்தக் கர்வத்துக்கு ஒரு வழி செய்தது.

கடிதத்தின் முதற் பக்கம் இனிமையாகவே இருந்தது. குறிப்புகள் ஒரு நாளும் தவறாமல் எழுதப்பட்டிருக்கின்றன. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் படிப்படியாகப் போகின்றன. கரும்பலகையில் எழுத வேண்டியதுகூட முன்னதாகவே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டலாமா என்று யோசித்தேன். நல்ல வேளை, அதற்கு முன் பக்கத்தைத் திருப்பினேன்.

"பின்னக் கணக்குப் பாடத்துக்கு, 'மாணவர்கள் கூட்டலைப் புரிந்து கொள்வார்கள்' என்று நோக்கம் எழுதியிருக்கிறீர்கள். புரிந்துகொண்டதை எதைக் கொண்டு அறிவீர்கள்? நாற்பது நிமிஷத்தில் முப்பது நிமிஷம் தாங்களே பேசுகிறீர்கள். தங்கள் கேள்விகளுக்குச் சரியான விடைகள் மட்டுமே குறிப்பில் உள்ளன. பிள்ளைகள் சொல்லக் கூடிய தவறான விடை ஒன்றாவது இல்லை."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது பிசகு என்று நிரூபிக்க, மறுநாள் வகுப்பில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டித் துண்டுக் காகிதத்தில் எழுதச் சொன்னேன். முப்பத்து நாலு பேரில் பத்தொன்பது பேர் 2/5 என்று எழுதியிருந்தார்கள். மேலே உள்ள எண்களைத் தனியாகவும், கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டிவிட்டார்கள்! பலகையில் நான் போட்ட கணக்கைப் பார்த்து எழுதியவரையில் எல்லாம் சரியாய் இருந்தது. பலகையைத் துடைத்ததும் பழைய கூட்டல் பழக்கம் தலை தூக்கிவிட்டது.

அன்றிரவு அந்தப் பாடத்தின் குறிப்பை மீண்டும் எழுதினேன். நோக்கம்: 'இரண்டு பின்னங்களைக் கூட்டி, விடை ஏன் பொருந்தும் என்று காரணம் சொல்வார்கள்.' எதிர்பார்க்கும் பிழை: 2/5. அதற்கு என் கேள்வி: 'பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா?' பிறகு ஆறு கட்டமுள்ள காகிதப் பட்டை. அதில் பாதி மூன்று கட்டம், மூன்றில் ஒன்று இரண்டு கட்டம். ஆக ஐந்து, அதாவது 5/6. கடைசி ஐந்து நிமிஷம், என் உதவியின்றி ஒரு புதுக் கணக்கு. அதில் பலர் தவறினால் அடுத்த நாள் புதுப் பாடம் கிடையாது.

எல்லாப் பாடத்துக்கும் இப்படி விரிவாக எழுத நேரம் ஏது? ஆகவே, பாடத்துக்கு ஒரு பிழையாவது முன்கூட்டி எழுதுவதென்று வைத்துக்கொண்டேன்.

அன்றைய கடைசிக் கணக்கு, காலும் மூன்றில் ஒன்றும். விடை 7/12. நாலு பேர் மட்டும் 2/12 என்று எழுதினார்கள். கீழெண்ணைப் பன்னிரண்டாக மாற்றியவர்கள், மேலெண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள். இந்தப் பிழையை நானும் எதிர்பார்க்கவில்லை. நோட்டை எடுத்து மறுநாள் பாடத்தின் முதல் வரியாக அதை எழுதிக்கொண்டேன்.

கடிதத்தை மனைவியிடம் படித்துக் காட்டினேன், இரண்டாம் பக்கத்தை மட்டும்.