மாமாட கணக்குக் கொப்பியும் என்ட நோட்புக்கும்

போன வருடம், 2025 பெப்ரவரி நடுப்பகுதியில், மாமாவின் உடுப்புக் கடைக் கணக்குக் கொப்பியை வாங்கி, 2023, 2024 இரண்டு வருட மாத விற்பனையையும் கோலாப் நோட்புக்கில் ஏற்றினேன். புறக்கோட்டையில் செக் கொடுத்துக் கடனுக்குச் சாமான் எடுக்கப்போகிறார். மார்ச்சில் எவ்வளவு போகும் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று நினைத்தேன்.

எடுத்தது மிக எளிய முறை. ஒவ்வொரு மாதத்துக்கும் முந்தைய வருடங்களின் அதே மாத சராசரி:

```python
s.groupby(s.index.month).mean()
```

மார்ச்சுக்கு ஒன்பதரை இலட்சம், ஏப்ரலுக்கு பத்தொன்பதரை என்று வந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏன் மகன், உன்ட கம்ப்யூட்டருக்கு பிறை தெரியாதா? இந்தமுறை பெருநாள் வியாபாரம் மார்ச்சிலதானே."

வெட்கமாகப் போய்விட்டது. நோன்புப் பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருகிறது என்பது எனக்கும் தெரியும், நோட்புக்குக்குத்தான் நான் சொல்லவில்லை. சித்திரைப் புத்தாண்டு அசையாது, அதனால் அதை மாத சராசரி பிடித்துக்கொள்ளும். பெருநாளைப் பிடிக்காது.

இதில் எனக்கு முன்னமே ஒரு தடயம் இருந்தது. 2023 மார்ச்சில் 7 இலட்சம், ஏப்ரலில் 22. அதை வைத்து 2024ஐச் சொல்லியிருந்தால், உண்மையில் வந்தது 12உம் 17உம். ஒரு மாதம் 5 குறைவாகவும் அடுத்த மாதம் அதே 5 கூடவும் பிழைக்கிறது. இரண்டு மாதமும் சேர்ந்தால் அதே 29தான். பிழை இப்படிச் சோடியாக வந்தால் வியாபாரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாதம் மாறியிருக்கிறது.

கடையில் அள்ளுவது பெருநாளுக்கு முந்தைய 14 நாள். அந்த நாட்கள் எந்த மாதத்தில் எத்தனை என்று ஒரு நிரல் சேர்த்தேன். 2023இல் பெருநாள் ஏப்ரல் 22, பதினான்கும் ஏப்ரலில். 2024இல் ஏப்ரல் 10, மார்ச்சில் 5, ஏப்ரலில் 9. 2025இல் பிறை ஒரு நாள் முன்பின் ஆனாலும் பதினான்கும் மார்ச்சிலேயே.

```python
b = (12 - 7) / (5 - 0)      # ஒரு நாளுக்கு 1 இலட்சம்
mar = 12 + b * (14 - 5)     # 21
apr = 17 + b * (0 - 9)      # 8
```

ஏப்ரல் கணக்கில் போட்டாலும் b ஒன்றுதான் வருகிறது, அதனால் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஆனாலும் இரண்டே வருடத் தரவு. 21ஐ 18க்கும் 24க்கும் இடையில் என்றுதான் மாமாவிடம் சொன்னேன். அவர் 18க்குத்தான் சாமான் எடுத்தார், மிஞ்சினால் செக் திரும்பும் என்ற பயம்.

மார்ச்சில் 19 போனது. கடைசி இரண்டு நாள் பிள்ளைகளின் உடுப்பில் அளவு இல்லை என்று ஆட்கள் திரும்பிப் போனார்கள். அந்த 19 உண்மையான தேவையா, சாமான் முடிந்ததால் நின்ற எண்ணா என்பது கொப்பியில் இல்லை. இப்போது "இல்லை" என்று திருப்பி அனுப்பியதையும் மாமா ஒரு கோடு போட்டு எழுதி வைக்கிறார். ஏப்ரலில் 9.