ஆயிரம் ஷேர் வித்தா எட்டு லட்சம் லாபமா?

பெங்களூர்ல ஒரு ஸ்டார்ட்அப்ல வேலை பார்த்த என் பெரியம்மா பொண்ணு, போன மாசம் ரிசைன் பண்ணாங்க. அவங்க பேர்ல 1,000 ஈசாப் வெஸ்ட் ஆகியிருந்தது. ஈசாப்னா ஷேர் கிடையாது, ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கம்பெனி ஷேரை வாங்கிக்கிற உரிமை. அக்காவுக்கு அந்த விலை ஒரு ஷேருக்கு 100 ரூபாய். வேலையை விட்ட 90 நாளுக்குள்ள வாங்கலைன்னா உரிமை போயிடும்னு அவங்க கம்பெனி திட்டத்துல இருக்கு. "டேய், ஒரு எக்செல் போட்டுக் கொடு, வாங்கலாமா வேணாமான்னு பார்க்கணும்"னாங்க.

பார்த்த உடனே ஈஸியா தெரியும். 100-க்கு வாங்கி, என்னைக்காவது 900-க்கு வித்தா 800 லாபம். ஆயிரம் ஷேருக்கு எட்டு லட்சம். ஆனா இந்தியாவுல இதுக்கு வரி ரெண்டு இடத்துல வரும், ரெண்டுக்கும் கணக்கு வேற.

முதல் வரி, வாங்குற அன்னைக்கே. கம்பெனி இன்னும் லிஸ்ட் ஆகலை. அதனால ஷேரோட மதிப்பை ஒரு மெர்ச்சன்ட் பேங்கர் நிர்ணயிப்பார். அவர் சொன்னது 600 ரூபாய். 600-ல 100 போக மீதி 500 ரூபாயை, கம்பெனி கொடுத்த சம்பளம் மாதிரியே வருமான வரித்துறை பார்க்கும். ஆயிரம் ஷேருக்கு 5 லட்சம். அக்கா 30% ஸ்லாப்ல இருக்காங்க. 4% செஸ் சேர்த்தா 31.2%, அதாவது 1,56,000 ரூபாய் வரி. ஷேர் விலை ஒரு லட்சத்தையும் சேர்த்தா கையிலிருந்து போறது 2,56,000. இதுவரைக்கும் ஒரு ஷேர்கூட விக்கலை. லிஸ்ட் ஆகாத கம்பெனிங்கறதால நினைச்ச நேரத்துல விக்கவும் முடியாது.

ரெண்டாவது வரி, விக்கும்போது. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. லாபத்தை 100-லிருந்து எண்ணக்கூடாது, 600-லிருந்து எண்ணணும். 600 வரைக்கும்தான் ஏற்கெனவே சம்பளமா வரி கட்டியாச்சே. 900-க்கு வித்தா மூலதன லாபம் 300 மட்டும். லிஸ்ட் ஆகாத ஷேரை 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா இப்போ 12.5% வரி, செஸ்ஸோட 13%. மூணு லட்சத்துக்கு 39,000. 100-லிருந்து எண்ணினா 1,04,000 வரும். 65,000 ரூபாய் சும்மா அதிகமா கட்டுற மாதிரி. அதனால வாங்குன தேதியோட மதிப்பைக் காட்டுற பேப்பரைப் பத்திரமா வெச்சுக்கணும்.

இப்போ முழுக் கணக்கு:

விற்ற பணம் 9,00,000
ஷேர் விலை − 1,00,000
முதல் வரி − 1,56,000
ரெண்டாவது வரி − 39,000
கையில் நிக்கிறது 6,05,000

எட்டு லட்சம் இல்லை, ஆறு லட்சம். இதுவும் நல்ல பணம்தான். ஆனா அக்கா கேட்டது வேற கேள்வி: "விலை இறங்கிட்டா?"

எக்செல்ல 900-ஐ 300-ஆ மாத்தினேன். விற்ற பணம் 3 லட்சம், போட்ட பணம் 2,56,000. மிச்சம் 44,000. 100-க்கு வாங்கினது மூணு மடங்கு ஏறியும் இவ்வளவுதான். 600-லிருந்து 300-க்கு இறங்கினதால சட்டப்படி 3 லட்சம் மூலதன நஷ்டம் வேற இருக்கு. ஆனா அதைச் சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. பின்னாடி எட்டு வருஷத்துக்குள்ள வேற ஏதாவது நீண்டகால மூலதன லாபம் வந்தா அதுலதான் கழிக்கலாம். கட்டின 1,56,000 திரும்பி வராது.

அதனால அக்காவோட பிரேக்-ஈவன் 100 ரூபாய் இல்லை, 256 ரூபாய். ஷேர் விலையையும் முதல் வரியையும் கூட்டி, ஷேர் எண்ணிக்கையால வகுத்தா இது வந்துடும். பேங்கர் சொல்ற மதிப்பு ஏற ஏற இந்த 256-ம் ஏறும். மதிப்பு 1,000-ன்னு வந்திருந்தா பிரேக்-ஈவன் 380.80 ஆகியிருக்கும். மதிப்பு கூடுனா சந்தோஷப்படுறோம், ஆனா வாங்குற அன்னைக்குக் கட்ட வேண்டிய பணமும் அதோட கூடுது.

சில தகுதி பெற்ற ஸ்டார்ட்அப்கள்ல மட்டும் முதல் வரியைத் தள்ளிப் போடலாம். ஆனா ஷேரை வித்தாலோ வேலையை விட்டாலோ அந்த அவகாசம் முடிஞ்சிடும்.

அக்கா கடைசியில 400 மட்டும் வாங்கினாங்க. 1,02,400 ரூபாய். "இது போனாலும் தாங்கிக்குவேன்டா, 2,56,000 போனா தாங்க மாட்டேன்"னாங்க. மீதி 600 காலாவதி ஆகப் போகுது.

பிளேஸ்மென்ட்ல உங்க ஆஃபர் லெட்டர்லயும் ஈசாப்னு ஒரு பெரிய தொகை இருந்தா ஹெச்ஆர்கிட்ட மூணு கேளுங்க: வாங்குற விலை என்ன, இப்போதைய மதிப்பு என்ன, வேலையை விட்டா எத்தனை நாள் டைம். முதல் ரெண்டும் தெரிஞ்சா உங்க 256-ஐ நீங்களே போட்டுடலாம். மூணாவது, அந்தப் பணத்தை எவ்வளவு சீக்கிரம் புரட்டணும்னு சொல்லிடும்.