சம்பளச் சீட்டு ரகசியமா?

ஏரியூரிலிருந்து ஒரு பெண், தன் மாமாவை அழைத்துக்கொண்டு தர்மபுரியில் என் அலுவலகத்துக்கு வந்தார். ஓசூர்ப் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் டெய்லர். கையில் வக்கீல் நோட்டீஸ். கூட வேலை செய்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று படங்கள் போட்டாராம்; ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதற்காக இரண்டு லட்சம் ரூபாய் தர வேண்டுமாம்.

"சம்பளம் எவ்வளவுன்னு சொன்னதுக்கா சார் ரெண்டு லட்சம்?" என்றார் மாமா.

ஒப்பந்தத்தைப் படித்தேன். வாடிக்கையாளர் பெயர், விலை, டிசைன் என்று ரகசியப் பட்டியல் நியாயமாகத்தான் தொடங்கியது. முடிவில் 'ஊதியமும் பணி நிலைமைகளும்' என்று ஒரு வால். வம்பு அந்த வாலில்தான்.

படங்களைக் காட்டச் சொன்னேன். முதலாவது அவருடைய சம்பளச் சீட்டு. இரண்டாவது அவருடைய பஞ்ச் கார்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். சாதாரண மணிக்கு 40 ரூபாய், ஓ.டி. மணிக்கும் அதே 40. அன்று இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 59ஆம் பிரிவின்படி வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு இரட்டிப்புக் கூலி, அதாவது 80 தர வேண்டியிருந்தது. மூன்றாவது படத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆர்டர் தாள்; ஒரு சட்டைக்கு என்ன விலை என்பது உட்பட. "இவங்க எவ்வளவு சம்பாதிக்கிறாங்கன்னு தெரியட்டும்னுதான் போட்டேன்" என்றார். கோபம் நியாயம்தான், ஆனால் அந்தத் தாள் கம்பெனியுடையது. அங்கேயே அழிக்கச் சொன்னேன். இனி அதைப் பகிரமாட்டார் என்று பதிலிலும் உறுதி கொடுத்தோம்.

மற்ற இரண்டிலும் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. சட்டம் தரும் கூலியைக் கேட்கவிடாமல் தடுக்கும் நிபந்தனை, ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவின்படி செல்லாது என்று எழுதினேன். தொழிற்சாலைகள் சட்டத்தின் சுருக்கத்தைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் ஆலையில் ஒட்டிவைக்கச் சொன்னது அதன் 108ஆம் பிரிவு. சுவரில் ஒட்ட வேண்டிய உரிமையைத் தொழிலாளி வாயால் சொல்லக்கூடாதா? இரண்டு லட்சம் என்று எழுதி வைத்தாலும், ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி அது உச்சவரம்பு மட்டுமே; நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். சம்பளச் சீட்டை நாலு பேர் பார்த்ததில் கம்பெனிக்கு என்ன நட்டம்?

ஒன்றை அவரிடம் மறைக்கவில்லை. சம்பளம் பற்றிச் சக தொழிலாளியிடம் பேசுவதை அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டுச் சட்டமே காக்கிறது. நம்மிடம் அப்படி நேரடியான பிரிவு இல்லை. இருக்கிற சட்டங்களைக் கோத்துத்தான் வாதாட வேண்டும். நிபந்தனை செல்லாது என்பதால் வேலைக்கு ஆபத்தே இல்லை என்றும் ஆகிவிடாது.

கம்பெனி வழக்குப் போடவில்லை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் நாங்கள் கொடுத்த புகாருக்குப் பின், அந்த லைன் டெய்லர்கள் எல்லோருக்கும் ஓ.டி. பாக்கி வந்தது. அன்று இருந்த ஊதிய வழங்கல் சட்டத்தில் பாக்கி கேட்க 12 மாதம்தான் கெடு. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் அது 3 ஆண்டு.