‘யாரும்’ என்றால் யார்?

எங்கள் லால்பேட்டையில் பல வீட்டு ஆண்களுக்கு வளைகுடாவில்தான் வேலை. என் கணவரும் என் சிநேகிதியின் கணவரும் துபாயில் ஒரே ரூமில் தங்கியிருந்தார்கள்.

என்னிடம் சொல்லாமலே இவர் தம்பி கட்டும் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு வருவது மாதாமாதம் குறைந்தது. ஒருநாள் தாளமுடியாமல் சிநேகிதிக்கு வாய்ஸ் மெசேஜில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடைசியில், "யாருகிட்டயும் சொல்லிடாதடி" என்றேன்.

மூன்றாம் நாள் இவர் போனில் கத்தினார். "ரூம்ல இருக்கறவன் எனக்குப் புத்தி சொல்ற மாதிரி ஆக்கிட்டியே!"

சிநேகிதி தன் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். அவரும் நல்லெண்ணத்தில், "வீட்டுச் செலவுக்கு முதல்ல அனுப்புப்பா" என்றிருக்கிறார். ஆனால் அதோடு பணப் பேச்சு அடிபட்டுப்போனது. நான் வெளியே சொன்னதுதான் சண்டையானது. 11 நாள் போனே இல்லை.

அவளிடம் கேட்டேன். அழுதுவிட்டாள். "அவுககிட்ட சொல்றதை வெளிய சொல்றதா நான் நினைக்கவே இல்லடி."

அதுவும் நியாயம்தான். ‘யாரும்’ என்பதில் கணவரும் உண்டா என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லையே.

ஒருவர் பேசும்போது அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தால் அந்தப் பேச்சு அமானிதம் என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. பயானில் கேட்டிருக்கிறேன். வாய்ஸ் மெசேஜில் நாம் திரும்பிப் பார்ப்பது எதிராளிக்குத் தெரியாது. வாய்விட்டுத்தான் சொல்லவேண்டும், அதுவும் விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால்.

அடுத்த முறை அவள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து முதலில் இதைத்தான் கேட்டேன். "இது உன் மாப்பிள்ளைக்கும் போகக்கூடாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. கோவிச்சுக்க மாட்டேன், சொல்லாம இருந்துக்கறேன்."

அவள் யோசித்தாள். "என் குரலை வச்சே என்னன்னு கேப்பாகளே. பொய் சொல்ல வராதே எனக்கு."

"பொய் வேணாம். ‘அவளுக்கு மனசு சரியில்ல, விவரம் அமானிதம்’னு மட்டும் சொல்லு. என் உயிருக்கோ பிள்ளைகளுக்கோ ஆபத்துன்னு தோணினா யார்கிட்ட வேணாலும் சொல்லிக்க."

அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அவள் கணவரும் அதற்குமேல் துருவவில்லையாம்.

சில மாதம் கழித்து, இவர் ரூமில் கடன் வாங்கிய கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவளே கையைக் காட்டி நிறுத்தினாள். "இரு. அது எங்க வீட்டுப் பணமா இருந்தா என்னால அவுககிட்ட மறைக்க முடியாது. இதை எங்கிட்ட சொல்லாத."

நான் சொல்லவில்லை. அன்று இரவு இவரிடமே நேராகக் கேட்டேன்.