கேட்டால் மட்டும் கொடு

சேலத்திலிருந்து ஒருநாள் காலையில் அழைப்பு வந்தது. அப்போது நான் ஆத்தூரில் வேறொரு துறையில் எழுத்தர். லஞ்ச ஒழிப்புப் பிரிவு பொறி வைக்கும்போது வழக்கோடு தொடர்பில்லாத அரசு ஊழியர்கள் இருவரைச் சாட்சியாகக் கூட்டிப்போகும். அன்று அந்த இருவரில் நான் ஒருவன்.

*

கண்ணாடி டம்ளரில் சோடியம் கார்பனேட் கரைசல். பார்க்க வெறும் தண்ணீர்தான். ஒரு காவலர் முதலில் சும்மா விரலை நனைத்தார், நிறம் மாறவில்லை. பிறகு பினாப்தலின் தடவிய நோட்டுகளை எண்ணிவிட்டு நனைத்தார், ரோஜாப்பூ நிறம். நோட்டு எண்களை எழுதி, மகஜரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

புகார் கொடுத்தவர் ஒரு மரவள்ளி விவசாயி. பட்டா மாறுதலுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் அலைந்தவர். ஆய்வாளர் அவரிடம் மூன்று முறை சொன்னார்: "அவர் கேட்டால் மட்டும் கொடுங்க. கேக்கலைன்னா திரும்பி வந்துடுங்க." வாங்கிவிட்டால் துண்டால் முகத்தைத் துடைக்க வேண்டும், அதுதான் சைகை. நான் அவருக்கு அருகிலேயே நின்று காதில் விழுவதைக் கேட்க வேண்டும்.

*

பத்திரிகையில் 'கையும் களவுமாக' என்று வரும். ரோஜா நிறத்துக்குத் தெரிந்தது தொட்டதா இல்லையா என்பது மட்டும். மேசையில் வைத்துவிட்டுப் போன நோட்டைத் தள்ளிவிட்ட கையும் சிவக்கும். கேட்டாரா என்பது டம்ளரில் தெரியாது. 2014-இல் பி. ஜெயராஜ் வழக்கில் புகார்தாரர் பிறழ்சாட்சியாகிவிட்டார். பணத்தைக் கைப்பற்றியது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொஞ்சம் வழி திறந்தார்கள்: புகார்தாரர் இறந்தாலும் மாறிவிட்டாலும், கேட்டதையும் வாங்கியதையும் சூழ்நிலைச் சாட்சியங்களால் நிரூபிக்கலாம்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு. அதிகாரி கேட்காமலேயே ஒருவர் நீட்டி, அவர் தெரிந்தே வாங்கிக்கொண்டால் அதுவும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் குற்றம்தான். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அப்படியென்றால் போலீஸே ஓர் ஆளை அனுப்பி யாரிடமும் நீட்டிப் பார்க்கலாமா?

*

கூடாது என்று 1956-இலேயே ராம்ஜனம் சிங் வழக்கில் விவியன் போஸ் எழுதிவிட்டார். அதிகாரி ஏற்கெனவே கேட்டிருக்கிறார், கொடுப்பவர் போலீஸிடம் போகிறார், பொறி வைக்கிறார்கள்: இது ஒருவகை. கேட்காத ஆளிடம் ஆசையைக் காட்டி விழவைப்பது வேறுவகை. சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே ஒருவனை அவன் தாங்கும் சக்தியைத் தாண்டித் தூண்டக் கூடாது என்பது அவர் கருத்து. இருந்தும், 'என்னைத் தூண்டினார்கள்' என்பதை விடுதலைக்கான தனிக் காரணமாக்கும் பிரிவு நம் சட்டத்தில் இல்லை.

அமெரிக்காவில் அப்படியொரு எதிர்வாதம் உண்டு. 1932-இன் சொரல்ஸ் வழக்கு: மதுவிலக்கு அதிகாரி சுற்றுலாப் பயணி வேடத்தில் போய், முதல் உலகப் போரில் ஒரே படைப்பிரிவில் இருந்த கதையெல்லாம் பேசி, திரும்பத் திரும்பச் சாராயம் கேட்டார். கடைசியில் சொரல்ஸ் அரை காலன் கொண்டுவந்து 5 டாலருக்குக் கொடுத்தார். பழைய சிப்பாய்ப் பாசத்துக்கு விழாதவர் யார்?

*

அந்தக் கிராம நிர்வாக அலுவலகத்தில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. விவசாயி உள்ளே போய், "ஐயா, நம்ம பட்டா என்னாச்சுங்க?" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அதைத்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அவரே "ஐயா, எவ்வளவு தரணும்?" என்று ஆரம்பித்திருந்தால் வழக்கு அங்கேயே நொண்டியிருக்கும். கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு அலுவலர் ஏட்டிலிருந்து தலை தூக்காமல், "கொண்டாந்தியா?" என்றார்.

பிற்பாடு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு சொல்லிலேயே முக்கால் மணி நேரம் நின்றார். எதைக் கொண்டாந்தியா? சிட்டா நகலையா, பத்திர நகலையா? நானும் யோசித்தேன். சொல்லில் பணம் இல்லை. புகாரில் முன்பே தொகை சொல்லியிருந்ததும், வாங்கியவர் எண்ணிப் பார்த்து இழுப்பறையில் வைத்ததும் சேர்ந்துதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் தந்தன. காதில் விழுந்ததை அப்படியே சொன்னேன். 'பணம்' என்ற சொல்லைச் சேர்த்திருந்தால் அரசுத் தரப்புக்கு எளிதாக இருந்திருக்கும்.

*

1954-இல் ராவ் சிவ பகதூர் சிங் என்ற விந்தியப் பிரதேச அமைச்சரின் வழக்கு. பன்னா வைரச் சுரங்கம், 25,000 ரூபாய். தண்டனை உறுதியானது. ஆனால் கொடுப்பவரிடம் பணமோ, புரட்டும் வசதியோ இல்லாதபோது போலீஸே பணம் தந்து லஞ்சம் நடக்க வைத்ததை நீதிபதிகள் கண்டித்தார்கள். நியாயம்தான். ஆனால் ஏழை எங்கே போவான்?

அன்று மாலை நோட்டுகளை உறையில் போட்டு அரக்கு வைத்தபோது விவசாயி மெல்ல என் பக்கம் வந்தார். "ஏங்க, கந்துக்கு வாங்குன காசுங்க. எப்பங்க திரும்ப வரும்?"